முதலில் எண்ணெய், கடைசியில்தான் தண்ணீர்

பாடசாலையில் கிழமைக்கு ஒருநாள் பிள்ளைகளின் நகம் பார்ப்பது நம்முடைய வழக்கம். கொஞ்ச நாளைக்கு முன்னர் அப்படிப் பார்த்துக்கொண்டு போகும்போது, எட்டாம் தரத்துப் பிள்ளை ஒன்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றது. நீட்டச் சொன்னோம். விரல் நுனியெல்லாம் கறுப்பு. நகத்தின் ஓரங்களில் மை ஊறினது மாதிரி ஒரு கோடு. "கையைக் கழுவாமலா வந்தாய்?" என்று வகுப்பே கேட்கிற மாதிரிக் கேட்டுவிட்டோம்.

"கழுவினேன் டீச்சர், போகுதில்ல" என்றது பிள்ளை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் விசயம் தெரிய வந்தது. அந்தப் பிள்ளையின் உம்மா வாழைக்காயும் பலாக்காயும் வெட்டி, பைகளில் போட்டுப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறார். விடியற்காலையில் உம்மாவோடு உட்கார்ந்து வெட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பிள்ளை பள்ளிக்கு வருகிறது. கை கறுப்பாக இருந்தது ஊத்தையினால் அல்ல. அது வாழைக்காய்க் கயர். இன்னொன்றையும் கவனித்தோம். விரல் மடிப்புகளில் தோல் வெள்ளையாக வெடித்திருந்தது. கேட்டால், பலாப் பால் போவதற்காக ஒவ்வொரு நாளும் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கிறதாம்.

அன்றைக்கு வெட்கப்பட வேண்டியது அந்தப் பிள்ளை அல்ல, நாம்தான். அறிவியல் பாடத்தில் இறப்பர் பால் எப்படி உறைகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறோம். ஆனால் அதே மாதிரிப் பால் கையில் ஒட்டினால் எப்படிக் கழற்றுவது என்று ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கத்தான் இந்தப் பதிவு.

நாம் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. காய் வெட்டினால் கை ஒட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்குவதுதான் பிழை. பால் பட்ட பிறகு செய்யும் எதுவும், படுவதற்கு முன்னர் தடவும் ஒரு கரண்டி எண்ணெய்க்கு ஈடாகாது. எண்ணெய் முதலில் வர வேண்டும். தண்ணீர் எல்லாவற்றுக்கும் கடைசியில் வர வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாகத்தான் நடக்கிறது.

முதலில் பலாக்காயை எடுப்போம். பொலொஸ் ஆனாலும் முற்றின காய் ஆனாலும் உள்ளே இருப்பது வெள்ளைப் பால். நம் பக்கத்துத் தோட்டங்களில் இறப்பர் மரத்தில் வடிகிறதே, அதற்குச் சொந்தக்காரன்தான் இது. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னச் சின்னப் பசைத் துளிகள் மிதப்பதால்தான் அது பால் மாதிரித் தெரிகிறது. காற்றுப் பட்டு அதில் இருக்கும் தண்ணீர் உலர்ந்ததும், அந்தத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பசையாகிவிடுகின்றன. கையில் ஒட்டுவது அந்தப் பசைதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தப் பசை தண்ணீரில் கரையாது. பச்சைத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தால் அது விரலுக்கு விரல் இழுபட்டுப் பரவும், அவ்வளவுதான். சவர்க்காரத்தை எடுத்தால் சவர்க்காரக் கட்டியிலும் ஒட்டும். குழாய்த் திருகில் ஒட்டும். துவாயில் ஒட்டும். கடைசியில் கதவுப் பிடியிலும் ஒட்டும். ஆனால் எண்ணெயோடு அந்தப் பசைக்கு உறவு உண்டு. எண்ணெய் பட்டால் அது இளகும், தோலை விட்டுக் கழன்று உருண்டையாகத் திரளும். முன்னரே எண்ணெய் பூசின தோலில் அதற்குப் பிடித்துக்கொள்ள இடமே கிடைக்காது. உம்மம்மாமார் காய் வெட்ட உட்கார முன்னர் தேங்காயெண்ணெய்ப் போத்தலைத் தேடியதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் அவர்கள் செய்த வேலையில் பாதியைத்தான் நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். எண்ணெய் தடவுவதைப் பார்த்தோம். அதற்கு முன்னும் பின்னும் அவர்கள் செய்ததைக் கவனிக்கவில்லை. போன கிழமை நம் வீட்டில் எட்டுக் கிலோ அளவில் ஒரு முற்றின பலாக்காய் வெட்டினோம். அதை அப்படியே சொல்கிறோம்.

காய் பறித்தது முதல்நாள் பின்னேரம். காம்பை வெட்டினதும் பால் வடியத் தொடங்கியது. காம்பு கீழே பார்க்க, வாசலில் ஒரு பழைய சாக்கின் மேல் சாய்த்து இரவு முழுக்க வைத்துவிட்டோம். காலையில் பார்த்தால் சாக்கில் உள்ளங்கை அகலத்துக்குப் பால் உறைந்திருந்தது. அவ்வளவு பாலும் நம் கைக்கு வராமல் போனது. பறித்த கையோடு வெட்டுகிறவர்களுக்கு இந்த உதவி கிடைக்காது. அவசரம் என்றாலும் ஒரு மணித்தியாலமாவது காம்பைக் கீழே வைத்து வடிய விடுங்கள்.

வெட்டுவதற்கு முன்னர் காயைக் கழுவவில்லை. ஈரம் இருந்தால் எண்ணெய் பிடிக்காது. மண்ணை ஒரு காய்ந்த துணியால் துடைத்தோம். நிலத்தில் பழைய பத்திரிகைக் கடதாசியை இரண்டு மடிப்பாக விரித்தோம். பக்கத்தில் ஒரு கைபிடி தேங்காய்த் தும்பும், கிழித்த கடதாசித் துண்டுகளும், ஒரு சின்னக் கோப்பையில் மூன்று மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயும். வேலைக்கு நடுவில் எழும்பிப் போய் எதையும் தொடக் கூடாது என்பதற்காக எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

அடுத்தது எண்ணெய் பூசுவது. இதில்தான் அநேகமானோர் அவசரப்படுகிறார்கள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்தால் காணாது. கை முதலில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். காய் பிடிக்கும் கைக்கு, விரல் இடுக்கு, நகக் கண், புறங்கை, மணிக்கட்டு வரைக்கும் பூசுங்கள். தோலில் பளபளப்புத் தெரிய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள், அதன் இடுக்கில் பால் போனால் எடுப்பது பெரும்பாடு. கத்தியின் இரண்டு பக்கமும், முதுகும் சேர்த்து, ஒரு கடதாசியை எண்ணெயில் தோய்த்துப் பூசுங்கள். விரலால் பூசப் போய் விரலை வெட்டிக்கொள்ளாதீர்கள்.

கத்திப்பிடிக்கு மட்டும் எண்ணெய் படவே கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் காணாது. நம் வீட்டிலேயே ஒருமுறை எண்ணெய்க் கையோடு பிடியைப் பிடித்து, தடித்த தோலில் கத்தியை இறுக்கும்போது கை வழுக்கி முன்னால் போய், உள்ளங்கையில் மூன்று தையல் போட வேண்டி வந்தது. ஒட்டுகிற கையை விட வழுக்குகிற கை ஆபத்து. அதனால் பிடியில் ஒரு சீலைத் துண்டைச் சுற்றிக் கட்டிவிடுகிறோம். கத்தி பிடிக்கும் கையின் உள்ளங்கைக்கு எண்ணெய் இல்லை, புறங்கைக்கும் விரல் நுனிக்கும் மட்டும்தான்.

காயை நீளப்பாட்டுக்கு இரண்டாகப் பிளந்ததும் நடுத்தண்டைச் சுற்றி வெள்ளைப் புள்ளிகளாகப் பால் கிளம்பும். பலாக்காயில் பால் அதிகம் இருப்பது அந்த நடுத்தண்டிலும் தோலிலும்தான். அதைக் கண்டதும் மேலும் மேலும் வெட்டத் தொடங்கக் கூடாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூன்று நான்கு நிமிடம் பொறுங்கள். பால் திரண்டு வந்ததும் தும்பால் ஒரே பக்கமாக வழித்து எடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் எடுத்த பால் மறுபடி காயில் ஒட்டும். இப்படி இரண்டு தரம் வழித்த பிறகு, மூன்றாம் தரம் தும்பில் ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் நான்காகப் பிளந்து நடுத்தண்டைச் சீவி எடுத்தோம். தண்டு போனதும் பாலின் பெரும்பகுதி போய்விட்டது. மீதி வேலை சுளை பிரிப்பதுதான்.

எண்ணெய் ஒருதரம் பூசினால் கடைசி வரைக்கும் நிற்காது. கடதாசியிலும் தும்பிலும் சுளையிலும் துடைபட்டுப் போகும். விரலோடு விரலைத் தொட்டுப் பாருங்கள். வழுக்கினால் எண்ணெய் இருக்கிறது. மெல்லிசாகப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் முடிந்துவிட்டது. இழுக்கத் தொடங்கினதும் கையை ஒரு கடதாசியில் துடைத்துவிட்டு, மறுபடி அரைக் கரண்டி பூச வேண்டும். நமக்கு நான்கு துண்டுக்கும் நான்கு தரம் தேவைப்பட்டது. மூன்று கரண்டியில் இரண்டரைதான் முடிந்தது.

வேலை முடிந்ததும் நேரே குழாயடிக்கு ஓடுவதுதான் எல்லோரும் செய்வது. ஓடாதீர்கள். முதலில் காய்ந்த கடதாசியால் கையையும் கத்தியையும் துடையுங்கள். பிறகு மிச்சமிருக்கும் எண்ணெயைக் கையில் விட்டு இரண்டு நிமிடம் சும்மா தேய்த்துக்கொண்டே இருங்கள். ஒட்டியிருக்கும் பால் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுருண்டு வரும். அதை மறுபடி கடதாசியால் துடையுங்கள். உருண்டை வருவது நின்ற பிறகுதான் சவர்க்காரமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும். இப்போது தண்ணீருக்குக் கழுவ மிச்சம் இருப்பது எண்ணெய் மட்டும்தான். அதைச் சவர்க்காரம் இலேசாக எடுத்துவிடும். கத்திக்கும் இதே வரிசைதான். அன்றைக்கு வெட்டத் தொடங்கினதிலிருந்து கை கழுவினது வரைக்கும் முக்கால் மணித்தியாலம். துவாயில் ஒரு கறை இல்லை.

பொலொஸ் ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பிஞ்சில் பால் இன்னும் தாராளமாக வரும், தோலைச் சீவும்போதே வடியும். வெட்டின துண்டும் சீக்கிரம் கறுக்கும். அதனால் துண்டுகளை மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணீருக்குள் போட வேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் மிதக்கிற பால் சட்டியின் விளிம்பில் வளையமாகப் பிடிக்கும். தண்ணீர் ஊற்ற முன்னர் சட்டியின் உள்விளிம்பில் எண்ணெய் தடவி வையுங்கள், பிறகு கடதாசியால் துடைத்தால் வந்துவிடும். பொலொஸ் துண்டைத் தண்ணீரில் போடும்போது எண்ணெய்க் கையைத் தண்ணீருக்குள் விடாமல் மேலிருந்து போடப் பழகுங்கள். கை நனைந்தால் எண்ணெய்ப் பூச்சு விட்டுப் போகும்.

இனி வாழைக்காய். இங்கேதான் நாம் எல்லோரும் விடும் பிழை இருக்கிறது. பலாக்காய்க்கும் வாழைக்காய்க்கும் ஒரே வைத்தியம் என்று நினைக்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. வாழைக்காயில் வடிவது இறப்பர் மாதிரிப் பசை அல்ல. வடியும்போது பாருங்கள், கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். கையில் பட்டு ஒன்றும் தெரியாது. அரை மணித்தியாலம் கழித்துத்தான் பழுப்பாகி, பிறகு கறுக்கும். தேயிலையிலும் பாக்கிலும் இருக்கிற துவர்ப்புச் சத்துத்தான் அதிலும் இருக்கிறது. காற்றுப் பட்டால் அது நிறம் மாறும். இரும்பு பட்டால் இன்னும் மோசம். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மைதான். அந்தக் காலத்தில் எழுதுகிற மையையே அப்படித்தான் செய்தார்கள். பழைய இரும்புக் கத்தியால் வெட்டினால் காயும் கையும் கூடுதலாகக் கறுப்பது அதனால்தான். வாழைக்காய்க்குத் துருப்பிடிக்காத கத்தியை எடுங்கள்.

ஆகவே வாழைக்காயில் எண்ணெயின் வேலை வேறு. பசையை இளக்குவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கயர் தோலுக்குள் ஊறாமல் தடுக்கிற ஒரு போர்வைதான் எண்ணெய். அதனால் வெட்ட முன்னர் பூசினால் மட்டும்தான் பயன். கறுத்த பிறகு ஒரு போத்தல் எண்ணெயைக் கொட்டித் தேய்த்தாலும் அந்தக் கறுப்புப் போகாது. பலாப் பாலுக்குப் பிந்தியும் வைத்தியம் உண்டு, வாழைக்காய்க் கயருக்கு முந்தினால்தான் உண்டு.

தேசிக்காயும் அப்படித்தான். வாழைக்காய் வெட்டின கையில், நிறம் மாற முன்னர் தேசிக்காய்ப் பாதியைத் தேய்த்துக் கழுவினால் கறுப்பது குறையும். புளிப்பு அந்த நிறமாற்றத்தைப் பிந்தச் செய்கிறது. அதே தேசிக்காயைப் பலாப் பால் பட்ட கையில் தேய்ப்பதில் பிரயோசனம் இல்லை. புளிப்பு அந்தப் பசையைக் கரைக்காது. இறப்பர் தோட்டத்தில் பாலைக் கட்டியாக்குவதற்கு அமிலம்தானே ஊற்றுகிறார்கள், யோசித்துப் பாருங்கள். கையில் கீறல் இருக்கிறவர்கள் தேசிக்காயைத் தொடவே வேண்டாம், எரியும்.

வாழைக்காய் வெட்டும் முறை சுருக்கமானது. இரண்டு முனையையும் வெட்டி, வெட்டின பக்கம் கீழே பார்க்க ஐந்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். கைக்கும் கத்திக்கும் எண்ணெய் பூசுங்கள். ஐந்தாறு காய்க்கு ஒரு மேசைக்கரண்டி காணும். தோலைச் சீவச் சீவ, காயைப் பலகையில் வைக்காமல் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீருக்குள் போடுங்கள். காய் கறுக்காமல் காப்பது அந்தத் தண்ணீர், கை கறுக்காமல் காப்பது எண்ணெய். உடுப்பையும் பாருங்கள். வெள்ளைச் சீருடையில் பட்ட வாழைக்காய்க் கயர் பெரும்பாலும் அந்தச் சீருடை கிழியும் வரைக்கும் இருக்கும். பள்ளிக்கு வெளிக்கிட்ட பிள்ளையை வாழைக்காய் வெட்டக் கூப்பிடாதீர்கள்.

இப்போது மண்ணெண்ணெய்க்கு வருவோம். அது பலாப் பாலைக் கரைக்காதா என்றால், கரைக்கும். அதனால்தான் ஆட்கள் அதை விடுகிறார்களில்லை. ஆனால் பாலைக் கரைக்கிற அதே மண்ணெண்ணெய், நம் தோலில் இயற்கையாக இருக்கிற நெய்ப்பையும் கரைத்து எடுத்துவிடுகிறது. தோல் உலர்ந்து வெடிக்கிறது. வெடித்த இடத்தில் அடுத்தநாள் கயர் இன்னும் ஆழமாக ஊறுகிறது. அதை எடுக்க இன்னும் கூட மண்ணெண்ணெய். அந்தப் பிள்ளையின் கையில் நாம் பார்த்தது இந்தச் சுற்றைத்தான். வாழைக்காய்க் கறுப்பை அது எடுக்கவும் இல்லை, தோல் கெட்டதுதான் மிச்சம். அதோடு, மண்ணெண்ணெய்க் கையோடு பிள்ளை அடுப்படிக்குப் போனால் என்ன நடக்கும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

"தேங்காயெண்ணெய் விற்கிற விலையில் கைக்குப் பூசச் சொல்கிறீர்களா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டரைக் கரண்டிதான் முடிந்தது என்று சொன்னோம். அதையும் குறைக்கலாம். கத்திக்கும் காய் தொடும் கைக்கும் நல்ல எண்ணெய் வேண்டும், அது சாப்பாட்டில் படும். ஆனால் வேலை முடிந்து கையைத் தேய்ப்பதற்கு, பொரித்து மிஞ்சின எண்ணெயை வடித்து வைத்தால் போதும். பசைக்கு எண்ணெய் புதிதா பழையதா என்று தெரியாது. இரப்பர்க் கையுறை போடலாமே என்றும் கேட்கலாம். போடலாம், ஆனால் பால் கையுறையிலும் ஒட்டும். அதற்கு மேலும் எண்ணெய் பூசத்தான் வேண்டும். பால் பட்டால் தோல் சொறிந்து தடிக்கிறவர்களுக்குக் கையுறை நல்லது. அப்படித் தடிப்பு வருகிறவர்களுக்கு எண்ணெய் மட்டும் காவல் ஆகாது.

2022 இல் அரிசிக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் மத்தியானச் சாப்பாடு பலாக்காய்தான். சிங்களச் சகோதரர்கள் பலாவைச் சோற்று மரம் என்று சொல்வது சும்மா இல்லை. அந்த மரம் இன்றைக்கும் வளவில் நிற்கிறது. காய் கீழே விழுந்து அழுகுகிறது. கேட்டால், "யார் வெட்டுவது, கையெல்லாம் ஒட்டும்" என்கிறோம். வெட்டத் தெரிந்த உம்மாமாருக்கு வயது போய்விட்டது. வெட்ட வேண்டிய பெடியன்களை, "உனக்கு ஏன் இந்த வேலை" என்று நாமே விலக்கி வைத்துவிட்டோம். கடைசியில் வெட்டிக் கட்டின பையைக் கடையில் வாங்குகிறோம். அந்தப் பையை வெட்டினது யாருடைய கை என்று யோசிப்பதில்லை. அந்தக் கை நம் வகுப்பில் வந்து நின்றபோதும் நமக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆகவே நம் ஊர் நானாமார், ராத்தாமார்களிடம் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை வீட்டில் காய் வெட்டும்போது மகனையும் மகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எண்ணெய் பூசிக் காட்டுங்கள், பிடியில் சீலை சுற்றுவதைக் காட்டுங்கள், விரலைத் தொட்டுப் பார்த்து எண்ணெய் முடிந்ததை அறியச் சொல்லிக் கொடுங்கள். சக ஆசிரியர்களிடம் கேட்பது, கறுத்த கையைக் கண்டால் முதலில் தனியாக விசாரியுங்கள் என்பதுதான். வாழைக்காய்க் கயர் தோல் உரிய உரியத் தானாகப் போகும், அதற்குச் சில நாட்கள் எடுக்கும். அதுவரைக்கும் எந்தச் சவர்க்காரமும் உதவாது. "கழுவினேன், போகுதில்ல" என்று பிள்ளை சொன்னால் அது பொய் அல்ல.

அந்தப் பிள்ளையிடம் மறுநாளே வகுப்புக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டோம். பிறகு அதன் உம்மாவைச் சந்தித்து, மேலே எழுதினதையெல்லாம் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "எண்ணெய் பூசத் தெரியும் டீச்சர், ஆனா நான் கைய நனச்சிட்டுத்தான் பூசுவன்" என்றார். ஈரக் கையில் பூசின எண்ணெய் நிற்காமல் போனதுதான் அவ்வளவுக்கும் காரணம். இப்போது அங்கே கையைத் துடைத்துக் காயவிட்டுத்தான் பூசுகிறார்கள். மண்ணெண்ணெய்ப் போத்தல் குசினியை விட்டு வெளியே போய்விட்டது. போன கிழமை நகம் பார்க்கும்போது அந்தப் பிள்ளை கேட்காமலே கையை நீட்டியது. நகக் கண்ணில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருந்தது. விரல் மடிப்பில் வெடிப்பு இல்லை.